நடுவர் நாக்குக்கு நாலு வார்த்தை

வாங்க நடுவரய்யா, வாங்க! திண்ணையில உக்காருவீகளா, இல்ல நடுவருக்குன்னு தனி நாற்காலி போடணுமா? உங்க அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை மகளிர் குழு சமையல் போட்டிக்கு நீதான் நடுவராமே! வெந்நி வைக்கத் தெரியாதவனை நடுவராப் போட்டதுலயும் ஒரு ஞாயம் இருக்கு மருமவனே. சமைக்கத் தெரிஞ்சவன் போனா, தான் செய்யுத மாதிரி இல்லைன்னு எல்லாத் தட்டுக்கும் மார்க்கைக் குறைச்சிருவான். உனக்கு அந்தத் தொந்தரவு கிடையாது.

அந்த நோட்டீசை இப்படிக் கொடு. என் மூக்குக்கண்ணாடி எங்க? ம்ம். "குதிரைவாலியை முதன்மைப் பொருளாகக் கொண்ட ஒரு காலைச் சிற்றுண்டி. நேரம் ஒரு மணி. மாவு மட்டும் வீட்டில் அரைத்து வரலாம், மற்றவை இங்கேயே செய்ய வேண்டும். அளவு நான்கு பேருக்கு." மார்க்கு நூறு. ருசிக்கு 40, செய்முறைக்கு 25, தோற்றத்துக்கு 15, தலைப்புப் பொருத்தத்துக்கு 20.

நல்லாத்தான் எழுதியிருக்காக. 2023-ஐ உலகச் சிறுதானிய வருசம்னு ஐக்கிய நாடுகள் சபைக்காரங்க அறிவிச்சாலும் அறிவிச்சாக, குதிரைவாலிக்கு வந்த வாழ்வைப் பாரு. நம்ம கரிசக்காட்டுச் சனம் குதிரைவாலிச் சோத்தைத் தின்னு சலிச்சு, நெல்லுச்சோறு எப்போ கண்ணுல படும்னு தீவாளிக்குக் காத்துக் கிடந்துச்சு. இப்ப அதே குதிரைவாலிக்குப் பந்தல், மைக்செட்டு, உன்னைய மாதிரி ஒரு நடுவர். காலம் போற போக்கைப் பாத்தியா!

சரி, இந்த நோட்டீசை எத்தனை தடவை படிச்சே? உன் பேரு சரியா அச்சாயிருக்கான்னு பாத்ததை விட்டுட்டுச் சொல்லு. ஒரு தடவைகூட இல்லையா? அங்கதான் பாதி நடுவரு கவுந்துபோறான். பந்தல்ல போய் உக்காந்ததும் வாசத்தை மோந்து நாக்கைத் தொங்கப்போட்டுருவான். தலைப்புன்னு ஒண்ணு இருந்தது கடைசித் தட்டுலதான் ஞாபகம் வரும். நீ என்ன செய்யணும்னா, சனிக்கிழமை ராத்திரியே அந்த நாலு வரியையும் நாலு கேள்வியாப் பிரிச்சு எழுதிக்கோ. குதிரைவாலிதான் முதன்மையா? காலையில திங்குத பண்டமா? மாவு தவிர மத்தது இங்க செஞ்சதுதானா? நாலு பேருக்குப் பத்துமா? ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு மார்க்கு. அந்த 20 மார்க்குக்கு ரசனையும் வேண்டாம், கவித்துவமும் வேண்டாம். கண்ணும் கணக்கும் போதும். உன்கிட்ட ரெண்டாவது கொஞ்சம் குறைவுன்னாலும் சமாளிச்சுக்கிடலாம்.

அடுத்தது உன் வாய். போட்டிக்கு வயித்தைக் காயப்போட்டுக்கிட்டுப் போகாதே. பசிச்சவனுக்கு முதத் தட்டு அமிர்தமா இருக்கும், நாலாவது தட்டு திகட்டும். ரெண்டுமே தட்டோட தப்பு கிடையாது. காலையில உப்பு உரைப்பு ரெண்டும் குறைச்சலா கொஞ்சம் தின்னுட்டுப் போ. அன்னைக்கு ஒருநாள் வெத்தலை வேண்டாம், பீடி வேண்டாம். மாமியா வீட்டுக்குப் போகுதாப்புல அத்தரு அடிச்சுக்கிட்டும் போகாதே. அந்த நெடி உன் மூக்கை விட்டு இறங்காது, மூக்கு இல்லாம ருசி ஏது? தட்டுங்களை வரிசை வைக்கும்போது சப்புன்னு இருக்கதை முதல்ல வை, காரத்தை அடுத்து வை, இனிப்பைக் கடைசியில வை. இனிப்பைத் தின்னுட்டுப் புளிப்பை நக்கினா, புளிப்பு ரெண்டு மடங்காத் தெரியும். பாவம் அந்த அம்மா, புளி அளவாத்தான் போட்டிருப்பா. நடுவுல காரம் ஏறிப்போச்சுன்னா சொம்பு சொம்பாத் தண்ணி குடிக்காதே, மிளகாக் காரம் தண்ணிக்கு அசையாது. ரெண்டு மடக்கு உப்பில்லாத மோரு குடி.

இப்ப தட்டுக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை என்னென்ன வரும்னு நான் இங்கருந்தே சொல்லுதேன். ஒருத்தி வெண்பொங்கல் கொண்டாருவா. ஒருத்தி குழிப்பணியாரம். இன்னொருத்தி, டவுன்ல போய்க் கத்துக்கிட்டவ, கேக்கு கொண்டாருவா. இந்த மூணையும் வச்சே பழகிக்கிடலாம்.

பொங்கலை எடுத்துக்கோ. தட்டைக் கண்டதும் கரண்டியைப் பாய்ச்சாதே. முதல்ல பாரு, அடுத்து மோந்து பாரு, அப்புறம் கரண்டியால ஒரு ஓரத்தை ஒதுக்கு. ஒதுக்கின இடம் மெதுவா மூடுதா, அப்படியே சுவராட்டம் நிக்குதா? பொங்கலு ஆற ஆற இறுகும். அடுப்புல இருந்து உன் மேசைக்கு வந்து சேர கால் மணி நேரம் ஆவும்னு தெரிஞ்ச கைகாரி, இறக்கும்போதே கொஞ்சம் இளக்கமா இறக்குவா. ஒரு டம்ளர் குதிரைவாலிக்கு மூணில் ஒரு பங்கு டம்ளர் பாசிப்பருப்பு, தண்ணி நாலு டம்ளருக்குக் குறையக் கூடாது. மூணோட நிறுத்தினா உதிரிச் சோறாப் போயிரும், அதைப் பொங்கல்னு மைக்குல சொல்லுறது அவ தைரியம்.

அடுத்தது பதம். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லிட்டுப் போயிட்டான் ஒருத்தன். அவன் பானையில ஒரே அரிசிதான் கிடந்துச்சு. இங்க ரெண்டு பேரு கிடக்காக. குதிரைவாலி வெரசா வெந்துரும். பாசிப்பருப்பு அவ்வளவு வெரசா வேகாது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுத் திறந்த பாத்திரத்துல வேகவச்சா, பருப்பு வேகும்போது குதிரைவாலி கூழாயிரும். குதிரைவாலிக்குன்னு இறக்கினா பருப்பு பல்லுல கடிபடும். அதனால பதம் தெரிஞ்சவ பருப்பை வாசம் வர வறுத்து, முக்கால் பதம் வேகவிட்டு, அப்புறம்தான் குதிரைவாலியைக் கழுவிச் சேப்பா. நீ ஒரு பருப்பைத் தனியா எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல நசுக்கிப் பாரு. நடுவுல வெள்ளையா ஒரு குறுமணி தட்டுச்சுன்னா அவ அவசரப்பட்டுட்டா. நடுவுல ஒரு கரண்டி, ஓரத்துல ஒரு கரண்டி, அடியில ஒரு கரண்டின்னு மூணு இடத்துல எடு. மேல நெய்யும் முந்திரியும் மிதக்கும், அடியிலதான் அடிப்பிடிச்ச வாசம் ஒளிஞ்சிருக்கும். கல்லு அரிக்காம விட்டிருந்தாலும் அடிக்கரண்டிதான் காட்டிக்கொடுக்கும். அப்ப உன் கட்டின பல்லு பத்திரம்.

தாளிப்பையும் பாரு. மிளகு, சீரகம், இஞ்சி, பெருங்காயம், கருவேப்பிலை, எல்லாம் நெய்யில விழுந்திருக்கும். சீரகம் கருகுனா நாக்கோட அடியில ஒரு கசப்பு, விழுங்கின பொறவும் நிக்கும். மிளகு நெய்யில வெடிக்காமப் பச்சையா இருந்தா, காரம் தொண்டையில போய் இடிக்குமே தவிர வாசம் மூக்குக்கு வராது. இதெல்லாம் செய்முறைக் கணக்கு. நீ அடுப்புப் பக்கமே நிக்கலைன்னாலும், அடுப்புல நடந்ததைத் தட்டு சொல்லிரும்.

ருசிக்கு மார்க்கு போடும்போது ஒண்ணை மறக்காதே. உனக்கு மிளகு பிடிக்காது, பொங்கல்ல கிடந்த மிளகைப் பொறுக்கிப் பொறுக்கி வச்சு உங்க அம்மைக்குப் போக்குக் காட்டினவன் நீ. அந்தக் கணக்கை இங்க தீக்காதே. உனக்குப் பிடிச்சிருக்கான்னு உன்னை யாரும் கேக்கலை. வெண்பொங்கல்னா எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கான்னுதான் கேக்காக. முதல் வாயை வெறும் பொங்கலா வை. ரெண்டாவது வாயைச் சட்னியோட வை. பொங்கல்ல உப்பு ஒரு நூல் குறைஞ்சு, சட்னியில ஒரு நூல் தூக்கலா இருந்தா, அவ திட்டம் போட்டுச் செஞ்சிருக்கா. தனியாத் தின்னுட்டு உப்பில்லைன்னு கோடு கிழிச்சா, அது உன் அவசரம். இன்னொண்ணு, ஆறின பண்டத்துல உப்பு தூக்கலாத் தெரியும். சூடாத் தின்ன பொங்கலையும் ஆறித் தின்ன பணியாரத்தையும் உப்பு விசயத்துல ஒண்ணா நிறுக்காதே.

இப்ப பணியாரம். பொன்னிறம், சட்டியில இருந்து கழண்டு வந்த அழகு, மேல மொறுமொறு. உனக்கு வாயெல்லாம் பல்லு. பொறு. பிச்சுப் பாரு. உள்ள மாவு பிசுபிசுன்னு விரல்ல ஒட்டுதா? தீயைத் தூக்கி வச்சு மேல சிவக்க வச்சிட்டா, நடுவுல வேகலை. மூடி போட்டு, தீயை அடக்கி வச்சிருந்தா வெந்திருக்கும். சரி, இந்தக் குத்தத்தை எந்தக் கட்டத்துல வெட்டுவே? நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும். செய்முறையில பத்து, ருசியில பத்து, வேகலையேன்னு தோற்றத்துல அஞ்சு, காலையில இதைத் தின்னா வயிறு என்னத்துக்காகும்னு தலைப்புலயும் ரெண்டு. ஒரே குத்தத்துக்கு நாலு இடத்துல அபராதம்! போலீசுகாரன்கூட ஒரே வண்டியை ஒரே நாள்ல அத்தனை தடவை மறிக்க மாட்டான்.

முறை என்னன்னா, குத்தம் எங்க பொறந்துச்சோ அங்கதான் பெரிய வெட்டு. வேகாத மாவு தீயிலயும் மூடியிலயும் பொறந்த குத்தம், செய்முறையில 12 மார்க்கை எடு. பச்சை மாவு நாக்குல பட்டது உண்மைதான், அதுக்கு ருசியில எடுக்கலாம். ஆனா நாக்கு பட்ட கஷ்டத்துக்கு மட்டும் எடு, அடுப்புக்குச் சேத்து எடுக்காதே. கண்ணுக்கு அழகா இருந்துச்சுன்னா தோற்றத்துல கை வைக்காதே. பொங்கலையும் இதே மாதிரி பாரு. இறுகிப் போனது தண்ணிக் கணக்குல வந்த குத்தம், செய்முறையில வெட்டு. வாயில ருசி குறையலைன்னா ருசிக் கட்டத்தை விட்டுரு. உப்பு குறைஞ்சா அது ருசிக் குத்தம், அதுக்குச் செய்முறையில தண்டம் கிடையாது.

தோற்றம்னா என்னன்னு நினைச்சே? மேசைக்குப் பட்டுத்துணி விரிச்சு, பக்கத்துல கலர் பல்பு போட்டு, பட்டுச்சேலை கட்டி நிக்குற அம்மாவையும் சேத்தா? தோற்றம் தட்டோட விளிம்புல முடிஞ்சுபோகும் மருமவனே. விளிம்பு துடைச்சிருக்கா? சட்னி ஓடிப்போய்ப் பொங்கலை நனைச்சிருக்கா? என்ன பண்டம்னு பாத்ததும் தெரியுதா? மேல வச்சிருக்க அலங்காரத்தைத் திங்கலாமா? கேரட்டுல மயிலு செதுக்கி வச்சா மயிலையும் திங்கச் சொல்லிக் கேளு. பச்சைக் கேரட்டு மயிலுக்கும் பொங்கலுக்கும் என்ன உறவுன்னு அவளே யோசிக்கட்டும். பிளாஸ்டிக் பூ வச்சிருந்தா யோசிக்காம மூணு மார்க்கை எடு. வாழை இலைத் துண்டுல பொங்கலை வச்சு, மேல நெய்யில பொரிஞ்ச முந்திரி நாலு, கருவேப்பிலை, ஓரமாச் சட்னி. இது வெறுமையா இருக்குன்னு உனக்குத் தோணலாம். அந்த இடத்துல இருக்க ஒவ்வொண்ணும் வாய்க்குப் போறதுதான். 15-க்கு 9, 10 போட அது போதும்.

கடைசியா கேக்கு. குக்கர்ல உப்பைக் கொட்டிச் சூடேத்தி, உள்ள தட்டை வச்சு, முக்கால் மணி நேரத்துல எடுத்திருக்கா. குச்சியை விட்டுப் பாத்தா மாவு ஒட்டலை. பஞ்சு மாதிரி எழும்பியிருக்கு. செய்முறையில கையெடுத்துக் கும்பிடணும். ஆனா மாவு என்னன்னு கேட்டியா? மைதா ஒரு கப்பு, குதிரைவாலி மாவு ரெண்டு ஸ்பூன். மைதாதான் மாப்பிள்ளை, குதிரைவாலி மாப்பிள்ளைத் தோழன். கூடவே சீனி முக்கால் கப்பு. காலை எட்டு மணிக்கு இதைச் சிற்றுண்டின்னு யாரு திங்கா? உன்னைய மாதிரி மத்தியானம் பன்னெண்டுக்கு எந்திரிக்கவன் வேணா எதையும் திம்பான்.

இப்ப கூட்டுவோம், சிலேட்டை எடு. பொங்கலுக்கு ருசி 34, செய்முறை 19, தோற்றம் 9. கேக்குக்கு ருசி 33, செய்முறை 22, தோற்றம் 14. பணியாரத்துக்கு ருசி 27, செய்முறை 13, தோற்றம் 13. இத்தோட நிறுத்தினா என்ன ஆச்சு? கேக்கு 69, பொங்கல் 62, பணியாரம் 53. குதிரைவாலிப் போட்டியில மைதா முதல் பரிசு வாங்கி மைக்குல நன்றி சொல்லுது. இனிமே தலைப்புக் கட்டத்தைப் போடு. பொங்கலுக்கு நாலு கேள்விக்கும் ஆமான்னு பதில் வருது, 20. பணியாரம் அரைச்ச மாவு, குதிரைவாலிதான் கூடுதல், நாலு பேருக்குப் பத்தும், அதுக்கும் 20. கேக்குக்கு முதன்மைப் பொருள்ல ஒரு மார்க்கு, காலைப் பலகாரத்துல சுழி. இங்கேயே செஞ்சதுக்கு அஞ்சு, அதை மறுக்க முடியாது. அளவுன்னு பாத்தா நாலு பேருக்கு ஆளுக்கொரு சின்னத் துண்டுதான் வருது, அதுனால அங்கேயும் சுழி. ஆக 6. இப்ப பொங்கல் 82, கேக்கு 75, பணியாரம் 73. தலைப்புக் கட்டத்தைச் சும்மா சடங்குக்கு வைக்கலைன்னு புரியுதா?

உடனே உனக்கு ரோசம் வரும். மைதாவுக்கு ரெண்டாம் பரிசா, வெளிய தள்ளுங்கம்பே. நோட்டீசுல அப்படி எழுதியிருக்கா? முதன்மைப் பொருள் பாதிக்குக் கீழ இருந்தா பரிசு கிடையாதுன்னு ஒரு வரி இருந்தா, தள்ளு. இல்லைன்னா போட்டி நடக்கும்போது நீயா சட்டம் எழுதக் கூடாது. விதியில இல்லாததை நடுவுல நுழைச்சா, கேக்குக்காரி வீட்டுக்காரன் உன்னையத் தேடிக்கிட்டு வருவான், அவன் பக்கம் ஞாயமும் இருக்கும். அடுத்த வருச நோட்டீசுல அந்த வரியை ஏத்தச் சொல்லு. இந்த வருசம் 75-க்கு ரெண்டாம் இடம், அவ்வளவுதான்.

இன்னும் ஒண்ணு. உன் பக்கத்துல ரெண்டு நடுவரு உக்காந்திருப்பாக. மார்க்கு எழுதி முடியுற வரைக்கும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கக் கூடாது. ஒருத்தர் "அடடா"ன்னு சொன்னா, அடுத்தவர் பேனா அஞ்சு மார்க்கு மேல ஏறும். எழுதி முடிச்சு ஒப்பிடும்போது ஒரு தட்டுக்கு ஒருத்தர் 80-ம் இன்னொருத்தர் 60-ம் போட்டிருந்தா, நடுவுல வெட்டி 70-ன்னு சமரசம் பண்ணாதீக. மூணு பேரும் திரும்ப ஒரு வாய் தின்னு பாருங்க. யாரோ ஒருத்தருக்கு அடிப்பிடிச்ச கரண்டி கிடைச்சிருக்கும், இன்னொருத்தருக்கு முந்திரிக் கரண்டி கிடைச்சிருக்கும்.

தட்டுக்குப் பேரு இருக்கக் கூடாது, நம்பருதான் இருக்கணும். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டம்மாவும் போட்டியில நிக்காளாம்னு ஊருக்கே தெரியும். எந்தத் தட்டு அவளுதுன்னு மட்டும் உனக்குத் தெரியக் கூடாது. அடுப்புப் பக்கம் போய், கழுவுறாளா, கரண்டியை நக்குறாளா, வீட்டுல செஞ்சதை ஒளிச்சு வச்சிருக்காளான்னு பாக்குறதுக்கு வேற ஒரு ஆளைப் போடச் சொல்லு. அவருக்கு மார்க்கு போடுற அதிகாரம் வேண்டாம். சுத்தத்தையும் நேரத்தையும் நம்பரு போட்டு உனக்குச் சீட்டுல எழுதிக் கொடுத்தாப் போதும்.

முடிவைச் சொல்லும்போது மார்க்கை மட்டும் வாசிச்சிட்டுக் கீழ இறங்கிராதே. ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு வரி எழுதிக் கொடு. "பருப்பு முழுசா வேகலை, அடுத்த தடவை தனியா வேகவிட்டுச் சேருங்க." "மேல நல்லா வந்திருக்கு, மூடி போட்டுத் தீயைக் குறைச்சா உள்ளயும் வெந்திரும்." "கேக்கு அருமை, தலைப்பு குதிரைவாலி." ருசி சுமார்னு எழுதாதே, அதை வச்சு யாரும் ஒண்ணும் திருத்த முடியாது. தோத்தவளுக்குக் காரணம் கிடைச்சா அடுத்த வருசமும் வருவா. காரணம் இல்லாத மார்க்குக்கு, உன்னைய வசவு பாடிக்கிட்டே வருவா.

சரி, கிளம்பு. நோட்டீசை மறக்காம எடுத்துக்கோ, அதை ரெண்டு தடவை படி. ஞாயித்துக்கிழமை யாரு நல்லா செஞ்சாங்கன்னு நான் கேக்கப் போறதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஏன் அந்த மார்க்குன்னு கேப்பேன். ஒத்தை வரியில பதில் சொல்ல முடிஞ்சா நீ நடுவரு, முடியலைன்னா ஓசிச் சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்தேன்னு அர்த்தம்.